தறி இருந்த அறையில் பார்லர்: முதல் ஆடி மாதம்

ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் பார்லரைத் திறந்தேன். அடுத்த வாரமே ஆடி பிறந்துவிட்டது. எங்கள் ஆரணியில் இதைக் கேட்ட எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "ஆடியில கல்யாணமே கிடையாதே, யாரு வருவா?" நியாயமான கேள்விதான். பார்லருக்கு வருகிற பெரிய பணமெல்லாம் முகூர்த்தத்தை ஒட்டித்தான் வரும். ஆனால் நான் தெரிந்தேதான் அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஆவணியில் திறந்தால் முதல் வாரமே மணப்பெண் வந்து உட்காரலாம். எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று எனக்கே பழகாத அறையில், ஒரு பெண்ணின் கல்யாண முகத்தில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு மாதம் கூட்டம் இல்லாமல் போகட்டும், அதைத் தாங்குகிற அளவுக்குச் செலவைக் குறைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். வீட்டு அறையில் ஆரம்பிக்க நினைக்கிறவர்களுக்கு அந்த மாதத்திலிருந்து எது பயன்படுமோ அதை எழுதுகிறேன்.

திருவண்ணாமலையில் இந்தியன் வங்கி நடத்தும் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் 30 நாள் அழகுக்கலைப் பயிற்சி முடித்திருந்தேன். கட்டணம் கிடையாது, மதியச் சாப்பாடும் அங்கேயே. இப்படிப்பட்ட நிலையங்கள் பல மாவட்டங்களில் இருக்கின்றன, ஏதாவது ஒரு வங்கி பொறுப்பேற்று நடத்தும். ஆனால் 30 நாளில் கை வராது. அதன் பிறகு பஜாரில் ஒரு பார்லரில் உதவியாளராக ஒன்றரை வருடம் வேலை பார்த்தேன். மாதம் 6,500 ரூபாய் சம்பளம். புருவம் திருத்துவது அங்கேதான் கைக்கு வந்தது.

எங்கள் வீட்டில் காலியாக இருந்தது மாமனாரின் தறி அறை. ஆரணியில் பட்டுத்தறி நெய்த வீடுகளில் இப்படி ஓர் அறை இருக்கும். தரையில் குழி, அதில் கால் வைத்து மிதிக்கிற குழித்தறி. மாமனார் போன பிறகு தறியைக் கழற்றிவிட்டோம், குழி மட்டும் பலகை போட்டு மூடிக் கிடந்தது. பத்துக்குப் பத்து அறை. அதன் பெரிய வசதி எனக்குப் போகப் போகத்தான் புரிந்தது. பட்டு இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தறிக்குப் பக்கத்திலேயே ஜன்னல் வைத்திருப்பார்கள். புருவ வேலைக்குத் தேவையானதும் அதே வெளிச்சம்தான்.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டு அறைகளில் முதலில் கெடுவது அதுதான். நம் வீடுகளில் விளக்கு கூரையில் இருக்கும், அல்லது சுவரின் உச்சியில் ஒரு டியூப்லைட். மேலிருந்து விழுகிற வெளிச்சத்தில் புருவ எலும்பின் நிழல் இமை மேல் விழும். அந்த நிழலில்தான் எடுக்க வேண்டிய சின்ன முடிகள் இருக்கும். வந்தவர் வீட்டுக்குப் போய் வெயிலில் கண்ணாடி பார்த்தால் எல்லாம் தெரியும், மறுபடி வர மாட்டார். அதனால் நாற்காலியை ஜன்னலைப் பார்த்துப் போட்டேன். கண்ணாடியை ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினேன். மாலை நேரத்துக்கு, கண்ணாடியின் இரண்டு பக்கமும் முக உயரத்தில் இரண்டு வெள்ளை எல்இடி விளக்கு. மஞ்சள் விளக்கு வேண்டாம். அதில் ப்ளீச் போட்ட தோலின் சிவப்பு தெரியாமல் போய்விடும்.

குழியை மூடுவதற்கு அவசரப்படவில்லை. மணல் கொட்டி, தண்ணீர் விட்டு, அது இறங்க இறங்க மேலும் கொட்டி, சில வாரம் அப்படியே விட்ட பிறகுதான் மேலே கான்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டினோம். ஏற்றி இறக்குகிற பார்லர் நாற்காலி கனமானது, ஒரே இடத்தில் நிற்கும். தரை கொஞ்சம் உள்வாங்கினாலும் உட்கார்ந்திருப்பவரின் தலை ஒரு பக்கம் சாயும். தலை சாய்ந்தால் இரண்டு புருவமும் ஒரே உயரத்தில் அமையாது.

அறைக்குத் தெருப்பக்கமாகவே ஒரு கதவு இருந்தது. பாவு, நூல் கொண்டுவருகிறவர்கள் அடுப்படி வரை வரக் கூடாது என்பதற்காக வைத்த கதவு. அது இல்லையென்றால் நான் வீட்டில் பார்லர் வைத்திருக்கவே மாட்டேன். பெண்கள் முதலில் கேட்பது விலையை இல்லை. "வீட்ல ஆம்பளைங்க இருக்காங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். அரைக்கை நைட்டியோடு, முகத்தில் பேக் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது யாராவது குறுக்கே நடந்தால் அவர்கள் திரும்பி வருவதில்லை. வீட்டுக்குள் போகிற கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டேன். என் வீட்டுக்காரர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறார். மதியம் சாப்பிட வந்தால் பின்வாசல் வழியாகத்தான் வருவார், இன்றுவரை அப்படித்தான்.

மின்சாரம் பற்றியும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. மின்வாரிய அலுவலகத்தில் விசாரித்தபோது, வீட்டு இணைப்பில் தொழில் நடத்தக் கூடாது, அந்த அறைக்கு வணிக இணைப்பு தனியாக வாங்க வேண்டும் என்றார்கள். தனி மீட்டர் வாங்கினோம். யூனிட் விலை கூடுதல்தான், ஆனால் இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. அறை எவ்வளவு மின்சாரம் சாப்பிடுகிறது என்று தனியாகத் தெரிகிறது, வீட்டுக் கணக்கோடு கலப்பதில்லை. நகராட்சியில் தொழில் உரிமத்துக்கு விண்ணப்பித்தேன். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவை ஆதார் எண் வைத்து இணையத்தில் நாமே செய்யலாம், அரசு அதற்குக் காசு வாங்குவதில்லை. யாராவது கட்டணம் கேட்டால் அது இடைத்தரகர் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இனி பணம். எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் ஆனது. குழி மூடித் தரை போட்டது, தனி மீட்டர், பழைய நாற்காலி, கண்ணாடி, விளக்கு, ஒரு ஸ்டீமர், டிராலி, பெயர்ப் பலகை, பொருட்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். ஃபேஷியல் படுக்கை வாங்கவில்லை. வீட்டிலிருந்த ஒற்றைக் கட்டிலுக்கு உயரக் கட்டை வைத்து, ரெக்ஸின் உறை தைத்துப் போட்டேன். 30,000 ரூபாய்க்கு என் வளையலை வங்கியில் அடகு வைத்தேன், மீதி சீட்டுப் பணம். அந்த நகைக்கடனில் அசலை வருடக் கடைசியில் சேர்த்துக் கட்டினால் போதும், வட்டி மாதக் கணக்கில் 250 ரூபாய்க்குள் வரும். முத்ரா திட்டத்தில் 50,000 வரை சிசுக் கடன் கிடைக்கும், அடமானம் கேட்கக் கூடாது. ஆனால் அதில் மாதா மாதம் தவணை கட்ட வேண்டும் என்பதால் முதல் மாதத்துக்கு அது சுமை என்று நினைத்தேன்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். வட்டி 250, மின்சாரம் 400, துண்டு துவைக்கிற சோப்பு, டெட்டால் என்று ஒரு 150. ஆக, யார் வந்தாலும் வராவிட்டாலும் மாதம் 800 ரூபாய் போகும். ஒரு புருவத் திருத்தத்துக்கு 40 ரூபாய். இருபது பேர் வந்தால் அறை தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும். இதே பார்லரை பஜாரில் 5,000 ரூபாய் வாடகைக்குப் போட்டிருந்தால், வாடகைக்கு மட்டுமே 125 பேர் வர வேண்டும். வீட்டு அறையின் முழுப் பலமும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. அதைப் பெரிய பெரிய ஜாடிகளில் பொருள் வாங்கி வைத்துக் கரைத்துவிடக் கூடாது.

பொருள் விற்கிறவர்கள் திறந்த முதல் வாரமே வந்துவிடுவார்கள். தங்க ஃபேஷியல், வைர ஃபேஷியல் என்று பெரிய கிட்டாகக் காட்டுவார்கள், ஒரு கிட்டில் பத்து முகம் செய்யலாம், ஒரு முகத்துக்கு இவ்வளவுதான் ஆகிறது என்று கணக்குப் போட்டும் காட்டுவார்கள். பத்து முகம் வந்தால் அந்தக் கணக்கு சரிதான். ஆடி மாதத்தில் இரண்டு முகம் வரும். ஜாடியைத் திறந்துவிட்டால் விரல் பட்டு, காற்றுப் பட்டு, மிச்சம் எட்டு முகத்துக்கான கிரீமும் கெட ஆரம்பிக்கும். நான் ஒரு முகத்துக்கு ஒன்று என்று சாஷே மட்டும் வாங்கினேன். விலை கூடுதல்தான், ஆனால் வந்தவர் கண் முன்னால் கிழித்துத் திறக்கிறோம் என்பதே அவர்களுக்கு ஒரு நிம்மதி. வாக்ஸ் ஹீட்டர் வாங்கவே இல்லை. யாராவது கேட்டால், "ஆவணிக்கு வருதுமா" என்று சொன்னேன்.

திறந்த அன்று முதலில் நாற்காலியில் உட்கார்ந்தது அத்தை. என் மாமியார் வாழ்நாளில் புருவம் திருத்தியதில்லை. முன்நெற்றியில் நரைத்துச் சிலுப்பி நின்ற முடியைக் கொஞ்சம் வெட்டிவிடச் சொன்னார். முடிந்ததும் முந்தானையிலிருந்து 50 ரூபாயை எடுத்துக் குங்குமத் தட்டில் வைத்தார். அத்தனை உறவுக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நானே காசு குடுத்தாச்சு, இனி யாரும் ஓசில கேக்காதீங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். வீட்டுப் பார்லரில் உறவுக்காரர்களிடம் காசு வாங்குவதுதான் மிகக் கடினமான வேலை. நானாகச் சொல்லியிருந்தால் சண்டையாகியிருக்கும். உங்கள் வீட்டில் வயதில் மூத்தவர் யாராவது அந்த முதல் காசை எல்லோர் முன்னிலையிலும் வைக்கட்டும். அதன் பிறகு நாத்தனார், சித்தி, ஓரகத்தி எல்லோரும் அந்தத் தட்டில்தான் காசு வைத்தார்கள்.

முதல் வாரம் ஆட்கள் வந்தார்கள். உறவு, எதிர்வீடு, பஜார் பார்லரில் என்னிடம் பழகியவர்கள். இரண்டாம் வாரம் யாரும் இல்லை. காலையில் கூட்டித் துடைத்து, துண்டு மடித்து வைத்து, கதவைத் திறந்து வைத்தால் ஆடிக் காற்றுதான் உள்ளே வந்தது. என் வீட்டுக்காரர் சாப்பிட வரும்போது ஒன்றும் கேட்க மாட்டார், அதுவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆனால் இரண்டாம் வாரம் காலியாவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. புருவ முடி எடுத்தால் மறுபடி கண்ணில் படுகிற அளவு வளர 15 முதல் 20 நாள் ஆகும், சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகும். உங்களைத் தெரிந்தவர்கள் எல்லோரும் முதல் வாரத்திலேயே வந்துவிட்டார்கள் என்றால், இரண்டாம் வாரத்தில் அவர்கள் முகத்தில் எடுக்க ஒன்றும் இல்லை. அதனால் அந்த வாரத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. மூன்றாம் வாரமும் நான்காம் வாரமும் யார் திரும்பி வருகிறார்கள் என்பதுதான் அளவுகோல். முதல் வாரம் வந்தவர்களில் பாதிப் பேராவது ஒரு மாதத்துக்குள் திரும்பினால் கை சரியாக இருக்கிறது. திரும்பவில்லை என்றால் அது ஆடியின் குற்றம் இல்லை. வலியா, வடிவமா, சுத்தமா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

இதற்காகவே ஒரு நோட்டு வைத்தேன். பெயர், தேதி, என்ன செய்தோம், கடைசியில் ஒரு வரி. அந்த ஒரு வரிதான் முக்கியம். "வலது வால் பக்கம் தழும்பு, முடி இல்லை." "மெலிசா வேணாம்னு சொன்னாங்க." "மூக்குக்கு மேலே இணைஞ்சிருக்கு, நடுவில மட்டும்." அடுத்த தடவை அவர் உட்கார்ந்ததும், "போன தடவை மாதிரியே மெலிசாக்காம விடட்டுமா?" என்று கேட்டால் அவர் முகம் மாறுவதைப் பார்க்கலாம். இருபது நாள் ஆனதும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புவேன், சலுகை எதுவும் சொல்லாமல், சனி ஞாயிறு எந்த நேரம் காலி என்று மட்டும்.

நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் செவ்வாய், வெள்ளி, அமாவாசை நாட்களில் முடியில் கத்தரி வைக்கப் பலர் சம்மதிக்க மாட்டார்கள். ஆடியில் அம்மன் கோயில்களில் காப்புக் கட்டிவிட்டால், கூழ் வார்த்து முடிகிற வரை சில வீடுகளில் புருவம்கூடத் திருத்த மாட்டார்கள். அந்த நாட்களில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வருத்தப்படுவதில் அர்த்தம் இல்லை. வெள்ளிக்கிழமையை விடுமுறையாக்கிவிட்டு, ஞாயிறு முழுக்கத் திறந்து வைத்தேன். தறி வேலை செய்கிற பெண்களுக்கும் பள்ளிக்கூட டீச்சர்களுக்கும் ஞாயிறுதான் தோது.

காலியான நேரத்தில் கை மறந்துபோகக் கூடாது. பஜாரில் ஒரு நாளைக்கு நிறைய முகம் பார்த்த கை, பத்து நாள் சும்மா இருந்தால் நூலின் இறுக்கம் மாறிவிடும். அதனால் தினமும் என் காலிலேயே நூல் ஓட்டிப் பழகினேன். கூடவே, நூல் நுனியைப் பல்லில் கடிக்கிற பழக்கத்தை மாற்றி, கழுத்தில் வளையமாகப் போட்டு இழுக்கவும் பழகிக்கொண்டேன். கொரோனாவுக்குப் பிறகு வாயில் வைத்த நூலைப் பலருக்குப் பிடிப்பதில்லை, வெளியே சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். கழுத்து நூலுக்குக் கை அசைவே வேறு. பழகச் சில வாரம் ஆகும், அதற்கு ஆளில்லாத மாதத்தைவிட நல்ல நேரம் கிடைக்காது.

வடிவத்துக்கு நான் நம்புவது அளவைத்தான். ஒரு நூலை மூக்கின் ஓரத்திலிருந்து நேராக மேலே பிடித்தால் புருவம் எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று தெரியும். அதே நூலைக் கண்ணின் வெளி ஓரத்தைத் தொட்டுச் சாய்த்தால் வால் முடிகிற இடம். வளைவின் உச்சி கருவிழியின் வெளி விளிம்புக்கு மேலே. ஒரு பக்கம் முடித்துவிட்டு மறு பக்கம் போகாமல், இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பேன். நடுவில் அவரை நிமிர்ந்து உட்காரச் சொல்லிப் பார்ப்பேன், தலை சாய்த்திருக்கும்போது தெரிகிற வடிவம் வேறு. "ரொம்ப வளைவா வேணும்" என்று கேட்கிற சின்னப் பெண்களுக்கும் வாலைக் குறைக்க மாட்டேன். வால் போனால் வளர்வது மெதுவாகத்தான்.

மூன்றாம் வாரம் ஒரு பெண் வந்தார். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். ப்ளீச்சும் கோல்டு ஃபேஷியலும் சேர்த்துப் போடச் சொன்னார். அந்த மாதத்தில் அது எனக்குப் பெரிய வேலை, 800 ரூபாய்க்கு மேல் வரும். ஜன்னல் வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்தேன். கன்னம் வழக்கமான சிவப்பாக இல்லை. தோல் மெலிந்து, மெல்லிய ரத்த நாளங்கள் தெரிந்தன. தாடை ஓரத்தில் பூனை முடி அதிகமாக இருந்தது. வெயிலில் போனால் எரிகிறதா என்று கேட்டேன். "ஆமாக்கா, அடுப்புக்கிட்ட நின்னாகூட எரியும்" என்றார். என்ன கிரீம் போடுகிறீர்கள் என்று கேட்டதும் பர்ஸிலிருந்து ஒரு சின்ன டியூபை எடுத்தார். தோழி சொல்லி மெடிக்கலில் வாங்கியது, நிறம் வருவதற்காக ஆறு மாதமாகத் தினமும் இரவில் போடுகிறாராம். டியூபில் பொடி எழுத்தில் மொமெட்டாசோன் என்று இருந்தது. அது ஸ்டீராய்டு.

இதை வீட்டுப் பார்லர் வைக்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கி, முகம் வெளுப்பதற்காக மாதக்கணக்கில் போடப்படும் ஸ்டீராய்டு கலந்த கிரீம்கள் நம் ஊர்களில் சாதாரணமாகப் புழங்குகின்றன. போடுகிற வரை முகம் பளிச்சென்று இருக்கும். உள்ளே தோல் மெலிந்துகொண்டே போகும். நிறுத்தினால் சிவந்து, எரிந்து, பருக்கள் கிளம்பும், அதற்குப் பயந்து மறுபடி போடுவார்கள். அந்தத் தோலில் ப்ளீச் போட்டால் வெந்துவிடும். வாக்ஸ் போட்டால் முடியோடு தோலும் உரிந்து வரும்.

அவரிடம் நான் எதுவும் செய்ய முடியாது, தோல் டாக்டரிடம் போங்கள், இந்த டியூபையும் மறக்காமல் எடுத்துப் போங்கள் என்றேன். கிரீமைத் திடீரென்று நிறுத்துவதா, குறைத்துக்கொண்டே போவதா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பதையும் சொன்னேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. "அக்கா, நாளைக்கு ஃபங்ஷன்" என்றார். முடியைச் சீவி ஒரு பின்னல் போட்டுப் பூ வைத்து அனுப்பினேன், அதற்கு மட்டும் காசு வாங்கினேன். அன்று இரவு அந்த 800 ரூபாய் மனதில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நாற்பது வீடு இருக்கிற தெருவில் ஒரு முகம் வெந்தால் அந்த அறையை நிரந்தரமாக மூட வேண்டியதுதான். அவர் பிறகு டாக்டரிடம் போனார். ஆவணி கடைசியில் தன் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார், அக்காவுக்குத்தான் வேலை.

நல்ல தோலாக இருந்தாலும் ப்ளீச்சை முதல் தடவை கேட்பவருக்கு நான் அன்றே முகத்தில் போடுவதில்லை. முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி அனுப்பிவிட்டு மறுநாள் வரச் சொல்வேன். புருவம் திருத்திய கையோடு அந்த இடத்தில் ப்ளீச் படவும் விட மாட்டேன். தலைக்கு டை என்றால் 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும், டை பாக்கெட்டிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. கூட்டம் இருக்கிற பார்லரில் இதற்கெல்லாம் நேரம் இல்லை என்பார்கள். எனக்கு நேரம்தான் நிறைய இருந்தது.

முதல் மாதத்தில் எனக்கு அதிகம் உதவியது யார் என்று கேட்டால், இரண்டு தெரு தள்ளி ஆரி வேலை செய்து ஜாக்கெட் தைக்கிற அக்காவைத்தான் சொல்வேன். ஆடியில் பார்லருக்கு வேலை இல்லை. ஆனால் ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கிற வீடுகள் ஆடித் தள்ளுபடியிலேயே பட்டு எடுத்துவிடும். ஆரி வேலைக்கு நாள் பிடிக்கும் என்பதால் ஜாக்கெட் அளவு கொடுக்க ஆடியிலேயே வந்தாக வேண்டும். அதாவது, ஆவணியின் மணப்பெண்கள் எல்லோரும் ஆடியில் அந்த அக்கா வீட்டுத் திண்ணையில் இருப்பார்கள். அக்காவுக்குப் புருவம் திருத்திவிட்டு, என் எண் எழுதிய சின்னச் சீட்டுகளைக் கொடுத்து வைத்தேன். கமிஷன் பேசலாமா என்று கேட்டதற்கு, "கமிஷனெல்லாம் வேணாம், உன்கிட்ட வர்றவங்க ஜாக்கெட் தைக்க ஆள் தேடுனா என்னைச் சொல்லு" என்றார். பேனர் கட்டுவதற்கும் நோட்டீஸ் அடிப்பதற்கும் முன்னால் உங்கள் தெருவில் இப்படி யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். மணப்பெண் உங்களிடம் வருவதற்கு ஒரு மாதம் முன்பே போகிற இடம் தையல்காரர் வீடு.

அங்கிருந்துதான் என் முதல் மணப்பெண் வந்தாள். சேவூரில் தறி வீட்டுப் பெண், ஆவணி இரண்டாம் வாரம் கல்யாணம். அம்மாவும் கூடவே வந்திருந்தார். "கல்யாணத்துக்கு முந்தின நாள் எல்லாத்தையும் பண்ணிடலாமா?" என்று கேட்டார்கள். பெரும்பாலும் எல்லோரும் இப்படித்தான் கேட்கிறார்கள். அப்படிச் செய்யவே கூடாது. முதல் முறையாக ஃபேஷியல் செய்கிற முகத்தில் அடுத்த இரண்டு மூன்று நாள் சின்னச் சின்னப் பருக்கள் கிளம்பலாம். அந்தப் பருக்கள் கல்யாண போட்டோவில் வரும்.

கல்யாணத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி நோட்டில் எழுதினேன். கல்யாணத்துக்கு நான்கு வாரம் முன்னால் ஒரு சாதாரண பழ ஃபேஷியல், தோல் எப்படி ஏற்கிறது என்று பார்க்க. ஏதாவது ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆறுவதற்கு நாள் இருக்கிறது. அன்றே புருவ வடிவத்தையும் பேசி முடித்து, முதல் திருத்தம். பிறகு ஒரு வாரம் முன்னால், கை முழங்கையில் சோதித்துப் பார்த்த பிறகு ப்ளீச். ஐந்து நாள் முன்னால் இரண்டாவது ஃபேஷியல், அதே பழ ஃபேஷியல்தான், புதிதாக எதுவும் கிடையாது. மூன்று நாள் முன்னால் கை கால் வாக்ஸ். அதற்கு மறுநாள் மருதாணி. இந்த வரிசை மாறக் கூடாது, மருதாணி வைத்த கையில் வாக்ஸ் போட்டால் நிறமும் சேர்ந்து உரிந்துவிடும். புருவத்தைக் கடைசியாகச் சரிசெய்வதும் வாக்ஸ் அன்றே. கல்யாணத்துக்கு முந்தின நாள் முகத்தில் எதுவும் செய்யாமல் தூங்கச் சொன்னேன். அந்தப் பெண்ணின் அம்மா தேதிகளைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டார். அட்வான்ஸாக 1,000 ரூபாய் கொடுத்தார்.

வாக்ஸ் ஹீட்டரை அந்த அட்வான்ஸில்தான் வாங்கினேன். முதலில் போட்டது என் கையில்தான், அப்புறம் நாத்தனார் கையில். கொதிக்கிற வாக்ஸை அப்படியே எடுக்காமல், ஒவ்வொரு முறையும் என் மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு வைத்துச் சூடு பார்ப்பேன். முடி வளர்ந்திருக்கிற திசையில் தடவி, எதிர்த் திசையில், தோலை ஒட்டினாற்போல இழுக்க வேண்டும். மேல் நோக்கி இழுத்தால் முடி பாதியில் அறுந்து, உள்ளேயே சுருண்டு வளரும்.

ஆடி முடிந்த அன்று கணக்குப் பார்த்தேன். அட்வான்ஸைச் சேர்க்கவில்லை, அது ஆவணி வேலைக்கு. புருவத்தில் 2,480, மேல் உதட்டில் 480, முடி வெட்டியதில் 750, இரண்டு ஃபேஷியலில் 1,000, தலைக்கு மருதாணி போட்டதில் 600. மொத்தம் 5,310 ரூபாய். பொருளுக்கு 900, அறைச் செலவு 800 போக, கையில் 3,610. பஜார் பார்லர் சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் கூட. புருவம் திருத்தியவர்களில் மூன்றில் ஒரு பங்கு இரண்டாம் தடவை வந்தவர்கள், மொத்தப் பணத்தைவிட அந்த வரியைத்தான் என் வீட்டுக்காரரிடம் முதலில் காட்டினேன்.

ஆவணியில் அந்த மணப்பெண்ணோடு அவள் சித்தி, அத்தை, தோழிகள் என்று வந்தார்கள். நாற்காலி காலியாகக் கிடந்தது குறைவு. ஆனால் ஆவணிக்குப் பின்னாலேயே புரட்டாசி வருகிறது, மறுபடி முகூர்த்தம் இல்லை. அதனால் ஆவணியில் வந்த பணத்தில் ஃபேஷியல் படுக்கையோ ஏசியோ வாங்கவில்லை. புரட்டாசிக்கும் ஐப்பசி முதல் வாரத்துக்குமான அறைச் செலவை முதலில் தனியாக எடுத்து வைத்தேன். நகைக்கடனுக்கு 2,500 கட்டினேன். மிச்சத்தில் துண்டுகளும், இன்னொரு கத்தரியும், ஒரு முகத்துக்கு ஒன்று என்கிற அதே சாஷேக்களும் வாங்கினேன். புரட்டாசியில் ஆரி அக்காவிடம் தீபாவளி ஜாக்கெட்டுகள் குவிந்திருக்கும். சீட்டுகள் தீர்ந்துபோயிருந்தன, புதிதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.